முன்னால் நிற்பவர் முந்தி நிற்கவில்லை: 400 மீட்டர் ஓட்டமும் ஏணிப்படி போன்ற தொடக்கக் கோடுகளும்

ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டம் தொடங்கப்போகிற நேரம். என் பக்கத்தில் இருந்த ஒரு அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "என்னங்க இது அநியாயம்? அந்தக் கடைசிப் பையனை அவ்வளவு தூரம் முன்னால நிறுத்தியிருக்காங்க, எம் பையன் இங்க பின்னால நிக்கிறான்!" அவர் மகன் முதல் லேனில் நின்றிருந்தான். பின்வரிசையிலிருந்து இன்னொருவர் ஆறுதல் சொன்னார்: "வெளியில ஓடறவனுக்குத் தூரம் அதிகம் சார், அதான்." முதலாமவர் சொன்னது தவறு. இரண்டாமவர் சொன்னதில் பாதிதான் சரி. வெளி லேனில் ஓடுகிறவர் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடுதலாக ஓடுவதில்லை. கூடுதல் தூரம் ஓடக்கூடாது என்பதற்காகத்தான் அவரை முன்னால் நிறுத்துகிறார்கள்.

தொலைக்காட்சியில் பார்க்கும்போதும் இதே குழப்பம் வருகிறது. "எட்டாவது லேன்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தாரே, கடைசியில் எப்படித் தோற்றார்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர் பல சமயம் முன்னால் போயிருக்கவே மாட்டார். முன்னால் இருப்பதுபோலத் தெரிந்திருப்பார், அவ்வளவுதான்.

அணிவகுப்பு திரும்பும்போது

என்.சி.சி. அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். தோளோடு தோள் ஒட்டி வரும் வரிசை ஒரு முனையில் இடப்பக்கம் வளையும்போது, உள்ளோரத்தில் இருப்பவர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்றுவார். வெளியோரத்தில் இருப்பவரோ எட்டு வைத்து, ஏறக்குறைய ஓடியே வந்து வரிசையைப் பிடிப்பார். இரண்டு பேரும் ஒரே திருப்பத்தைத்தான் திரும்புகிறார்கள், ஆனால் வெளியாள் நடக்கும் வில் நீளமானது.

டிராக்கிலும் நடப்பது இதுவே. நேராக ஓடும் இடத்தில் எட்டு லேன்களுக்கும் ஒரே நீளம். அதனால்தான் 100 மீட்டரில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். வளைவு வந்ததும் கதை மாறுகிறது. 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டு வளைவுகள் உண்டு. ஓட்டம் முழுவதும் அவரவர் லேனை விட்டு நகரக்கூடாது என்பது விதி. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஒரே கோட்டில் முடிக்கச் சொன்னால், எட்டாவது லேன்காரர் 453 மீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

இந்தக் கூடுதலைக் கழிப்பதற்காக ஒவ்வொரு லேனின் தொடக்கக் கோட்டையும் முன்னால் தள்ளி வரைகிறார்கள். அப்படித் தள்ளும் தூரத்துக்கு ஸ்டாகர் என்று பெயர். உடற்கல்வி ஆசிரியர்கள் வாயில் புழங்கும் சொல்லும் அதுதான்.

இதுவரை பார்த்தது: முடிவுக் கோடு எல்லோருக்கும் ஒன்று. வளைவில் வெளி லேன் நீளம். அந்த மிச்சத்தைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுகிறார்கள்.

7.04 மீட்டர் எங்கிருந்து வருகிறது?

இப்போது நிஜமான அளவுகள். பன்னாட்டுப் போட்டிகளுக்கான வழக்கமான டிராக்கில் இரண்டு நேர்பாதைகள் இருக்கும், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். அவற்றை இரண்டு பக்கமும் அரைவட்டங்கள் இணைக்கும். அரைவட்டத்தின் ஆரம், உள்விளிம்பு வரை, 36.50 மீட்டர். ஒவ்வொரு லேனும் 1.22 மீட்டர் அகலம்.

யாரும் உள்விளிம்பின் மேலேயே கால் வைத்து ஓட மாட்டார்கள், சற்றுத் தள்ளித்தான் ஓடுவார்கள். ஆகவே ஒரு லேனின் நீளத்தை அதன் உள்கோட்டில் அளப்பதில்லை, அதற்குக் கொஞ்சம் வெளியே ஒரு கற்பனைக் கோட்டில் அளக்கிறார்கள். இதை அளவுக்கோடு என்று வைத்துக்கொள்வோம். முதல் லேனின் உள்விளிம்பில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு விளிம்புக்கட்டை இருக்கும். கால் தடுக்கிவிடும் என்ற எச்சரிக்கையில் ஓட்டக்காரர் கொஞ்சம் கூடவே விலகி ஓடுவார் என்பதால் அங்கே 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கிறார்கள். மற்ற லேன்களில் தரையில் வெறும் வெள்ளைக் கோடுதான், அதனால் 20 சென்டிமீட்டர் போதும்.

முதல் லேனில் வளைவின் ஆரம் 36.80 மீட்டர். இரண்டு அரைவட்டமும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம்: 2 × 3.1416 × 36.80 = 231.22 மீட்டர். இரண்டு நேர்பாதைகளின் 168.78 மீட்டரைச் சேர்த்தால் சரியாக 400.

இரண்டாவது லேன்: 36.50 + 1.22 + 0.20 = 37.92 மீட்டர் ஆரம். வட்டம் 238.26. நேர்பாதையோடு சேர்த்து 407.04. ஆக இரண்டாவது லேனின் ஸ்டாகர் 7.04 மீட்டர்.

மூன்றாவது லேனிலிருந்து கணக்கு இன்னும் சுலபம். ஒரு லேன் தள்ளினால் ஆரம் 1.22 கூடும், சுற்று 2 × 3.1416 × 1.22, அதாவது 7.67 மீட்டர் கூடும். எனவே மூன்றாவது லேனுக்கு 14.70, நான்காவதுக்கு 22.37 என்று ஏறிக்கொண்டே போய், எட்டாவது லேன்காரர் முதல் லேன்காரரைவிட 53.03 மீட்டர் முன்னால் நிற்பார். அந்த அப்பாவைக் கோபப்படுத்தியது இந்த மாதிரி இடைவெளிதான்.

ஸ்டாகர் கணக்கில் வளைவின் ஆரம் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? லேன் அகலம் மட்டும்தான் வருகிறது. ஒரு கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டுகிறீர்கள். அதே கயிறு கிணற்றுச் சுவரைவிட எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் விலகி நிற்க வேண்டுமென்றால் 6.28 மீட்டர் கூடுதல் கயிறு வேண்டும். கிணற்றுக்குப் பதில் வட்டமான ஒரு பெரிய ஏரி என்றாலும் அதே 6.28 மீட்டர்தான். முதன்முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை, தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன். டிராக் பெரிதோ சிறிதோ, ஒரு சுற்று ஓட்டத்துக்கு லேனுக்கு லேன் ஸ்டாகர் மாறாது. மைதானம் சின்னதாகி, சுற்று 200 மீட்டர் என்றால் மட்டும் கவனம் வேண்டும். அங்கே 400 மீட்டருக்கு இரண்டு சுற்று ஓட வேண்டும். கடைசி வரை அவரவர் லேனிலேயே ஓடவிட்டால் ஸ்டாகரும் இரண்டு மடங்காகும்.

சுண்ணாம்புக் கோடு போடும்போது நடக்கும் இரண்டு பிழைகள்

மண் மைதானத்தில் சுண்ணாம்புத் தூள் கொண்டு டிராக் போடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி. அங்கே உள்விளிம்பில் கட்டை கிடையாது, கோடு மட்டும்தான். அப்படியென்றால் முதல் லேனையும் 20 சென்டிமீட்டர் தள்ளியே அளக்க வேண்டும் என்பது விதி. எல்லா லேனுக்கும் ஒரே மாதிரி அளந்தால், இரண்டாவது லேனுக்கும் 7.67 மீட்டர்தான் ஸ்டாகர். கையேட்டில் இருக்கிறது என்பதற்காக 7.04 போட்டால், இரண்டாவது லேனிலிருந்து எல்லோரும் முதல் லேன்காரரைவிட 63 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடுவார்கள்.

அடுத்த பிழை இதைவிடப் பெரியது. டேப்பை நேராக இழுத்துப் பிடித்து ஸ்டாகரை அளப்பது. தொடக்கக் கோடுகள் வளைவின் மேல் இருப்பதால் டேப்பும் அளவுக்கோட்டின் வளைவை ஒட்டியே போக வேண்டும். எட்டாவது லேனில் 53.03 மீட்டரை டேப்பை நேராக இழுத்து அளந்தால், வளைவை ஒட்டி அது 56.6 மீட்டருக்கும் மேல் வந்துவிடும். அந்தப் பையன் மூன்றரை மீட்டர் குறைவாக ஓடுவான். பள்ளிப் போட்டியில் பதக்கம் கைமாற இவ்வளவு போதும். சந்தேகம் இருந்தால் சோதிக்க ஒரு வழி: தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை ஒவ்வொரு லேனிலும் அதன் அளவுக்கோட்டின் மேலேயே டேப்பைப் படுக்கவைத்து, துண்டு துண்டாக அளந்து கூட்டிப் பாருங்கள். எல்லாம் 400 வர வேண்டும்.

தூரம் சமம், வளைவு சமமில்லை

இனிதான் லேன் விஷயம் வருகிறது. தூரம் துல்லியமாகச் சமம் என்றால் எந்த லேன் கிடைத்தால் என்ன?

முதலில் ஒன்றைச் சரிசெய்துவிடலாம். "வெளி லேன்காரர் வளைவில் அதிகம் ஓடுகிறார்" என்று சொல்வதுண்டு. இல்லை. எட்டாவது லேனின் இரண்டு வளைவுகளும் சேர்ந்து 284.25 மீட்டர். அவர் 53.03 மீட்டர் முன்னால் தொடங்குவதால் அதில் மிஞ்சுவது 231.22. முதல் லேன்காரர் வளைவில் ஓடுவதும் அதே 231.22 மீட்டர்தான். எட்டுப் பேரும் வளைவில் ஒரே தூரம், நேரில் ஒரே தூரம்.

மாறுவது வளைவின் இறுக்கம். முதல் லேனில் ஆரம் 36.80 மீட்டர், எட்டாவதில் 45.24. முதல் லேன்காரர் ஓட்டம் முடிவதற்குள் முழு 360 டிகிரி திரும்பிவிடுகிறார். எட்டாவது லேன்காரர் அதே தூரத்தில் சுமார் 293 டிகிரிதான் திரும்புகிறார்.

பைக்கில் வளைவில் போகும்போது வண்டியை உள்பக்கம் சாய்க்கிறோம் அல்லவா? ஓடுபவரும் அப்படித்தான் சாய வேண்டும், அதோடு பாதத்தால் தரையைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். வளைய வைக்கும் அந்த உள்நோக்கிய விசைக்கு மையநோக்கு விசை என்று பெயர். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில், அதாவது 44 நொடிச் சொச்சத்தில் 400 மீட்டரை முடிக்கும் வேகத்தில், 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடுகிறார் என்று வைப்போம். முதல் லேனில் அவருக்குச் சுமார் 16 கிலோ எடைக்கு நிகரான பக்கவாட்டு விசை வேண்டும். எட்டாவது லேனில் சுமார் 13 கிலோ போதும். கால் ஏற்கெனவே உடல் எடையைத் தாங்கி, முன்னாலும் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் இது ஒரு கூடுதல் சுமை. நீளக் கால்களோடு பெரிய எட்டு வைத்து ஓடுபவர்கள் முதல் லேனை வெறுப்பதற்கு இதுதான் காரணம்.

சுருக்கமாக: ஸ்டாகர் தூரத்தைச் சமமாக்குகிறது. வளைவின் இறுக்கத்தை அதனால் சமமாக்க முடியாது. அந்த வகையில் வெளி லேனுக்குத்தான் லாபம்.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் எட்டாவது லேன் கேட்பதில்லை?

கண்ணால் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறதே. 400 மீட்டரை முழு வேகத்தில் தொடங்கி அதே வேகத்தில் முடிக்க எவராலும் முடியாது. கடைசி 100 மீட்டரில் எல்லோருக்கும் வேகம் இறங்கும், குறைவாக இறங்குகிறவர் ஜெயிப்பார். எவ்வளவு வேகத்தை எந்த இடத்தில் செலவழிப்பது என்பதில்தான் இந்த ஓட்டமே இருக்கிறது. அதற்கு முன்னால் போகும் போட்டியாளர் ஒரு அளவுகோல். அவரை நெருங்குகிறேனா, அவர் விலகுகிறாரா என்று பார்த்துக்கொண்டே ஓடலாம். எட்டாவது லேன்காரருக்கு இந்த வசதி இல்லை. ஏழு பேரும் முதுகுக்குப் பின்னால். கடைசி நேர்பாதை வரும் வரை அவர் தனியாக, தன் உடம்பின் கணக்கை மட்டும் நம்பி ஓட வேண்டும்.

நடு லேன்கள் விரும்பப்படுவது இதனால்தான். வளைவும் அவ்வளவு இறுக்கம் இல்லை, முன்னால் பார்க்க ஓரிருவர் இருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஒலியும் ஒரு பிரச்சினையாக இருந்தது. ஓட்டம் தொடங்கும்போது கால் ஊன்றிக்கொள்ளும் கட்டைக்கு பிளாக் என்று பெயர். முதல் லேன் பிளாக்கிலிருந்து எட்டாவது லேன் பிளாக்குக்கு நேர்க்கோட்டில் சுமார் 46 மீட்டர். துப்பாக்கி முதல் லேன் பக்கம் வெடித்தால், சத்தம் எட்டாவது லேனுக்குப் போய்ச் சேர நொடியில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம் ஆகும். ஓடும் வேகத்தில் அது ஒரு மீட்டருக்கு மேல். இன்று பெரிய போட்டிகளில் ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. பள்ளி மைதானத்தில் விசில்தான், அங்கே ஸ்டார்ட்டர் எல்லா லேனுக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் வந்து நிற்பது நல்லது.

லேனை யார் முடிவு செய்கிறார்கள்?

முதல் சுற்றில் குலுக்கல். யாருக்கு எது விழுந்தாலும் அதுதான். அடுத்த சுற்றுகளில் முழுக் குலுக்கல் கிடையாது. முந்தைய சுற்றில் நன்றாக ஓடியவர்களைத் தரவரிசைப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள் மட்டும் குலுக்குகிறார்கள். நெடுங்காலம் இருந்த விதிப்படி முதல் நான்கு பேருக்கு 3 முதல் 6 வரையிலான லேன்கள், ஐந்தாம் ஆறாம் இடத்தாருக்கு 7, 8, கடைசி இருவருக்கு 1, 2. இப்போதைய விதியில் 400 மீட்டருக்கு முதல் நான்கு பேர் 4 முதல் 7 வரை, அடுத்த இருவர் 3 அல்லது 8, கடைசி இருவருக்கு வழக்கம்போல 1, 2. நல்ல லேன்கள் என்று கருதப்படும் கூட்டம் ஒரு படி வெளியே நகர்ந்திருக்கிறது. இறுக்கமான வளைவு உண்மையிலேயே தொந்தரவுதான் என்பதை விதி எழுதுபவர்களும் ஒப்புக்கொண்டதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

"பதக்கம் எல்லாம் நடு லேனுக்குத்தான் போகிறது, அங்கே ஏதோ மாயம் இருக்கிறது" என்ற வாதத்தை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நடு லேனில் ஓடுபவர்கள் ஏற்கெனவே வேகமானவர்கள். வேகமானவர்களை அங்கே நிறுத்திவிட்டு, அங்கிருந்து பதக்கம் வருகிறது என்று வியப்பதில் அர்த்தமில்லை. லேனின் பாதிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் முதல் சுற்றைத்தான் பார்க்க வேண்டும், அங்கேதான் லேன் குலுக்கலில் வருகிறது.

ரியோ, எட்டாவது லேன்

2016 ரியோ ஒலிம்பிக். தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் அரையிறுதியில் இரண்டாவதாக வந்தார். மூன்று அரையிறுதிகள் நடந்தன. அவற்றில் முதலாவதாக வந்த மூவருக்கும் நல்ல லேன்கள் போய்விட்டன. இரண்டாவதாக வந்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே அந்தக் கூட்டத்தில் இடம் மிஞ்சியது. வான் நீகெர்க்குக் கிடைத்தது எட்டாவது லேன்.

2012 ஒலிம்பிக் சாம்பியன் கிரானி ஜேம்ஸும், 2008 சாம்பியன் லஷான் மெரிட்டும் அவருக்குப் பின்னால், அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். யாரையும் பார்த்து ஓட வழியில்லாத நிலையில் அவர் ஆரம்பத்திலிருந்தே வெளுத்து வாங்கினார். முதல் 200 மீட்டரைச் சுமார் 20.5 நொடிகளில் கடந்தார். கடைசி நேர்பாதையிலும் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. நேரம் 43.03 நொடிகள். 1999இல் மைக்கேல் ஜான்சன் செவில்லில் வைத்த 43.18 என்ற உலக சாதனை முறிந்தது. ஜேம்ஸ் 43.76, மெரிட் 43.85.

எட்டாவது லேன்தான் சாதனையைக் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். மென்மையான வளைவு அவருக்கு உதவியிருக்கும். பார்க்க ஆள் இல்லாதது மற்ற பலரைத் தடுமாற வைத்திருக்கும். அவரோ அதையே பயமில்லாமல் ஓடுவதற்கான சுதந்திரமாக எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறை பார்க்கும்போது

ஓட்டத்தின் நடுவே யார் உண்மையில் முன்னால் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. முதல் வளைவு முடிந்ததும் ஸ்டாகரில் பாதி தீர்ந்துவிடும், மீதிப் பாதி இரண்டாவது வளைவுக்காகக் காத்திருக்கும். அதனால் எதிர்ப்பக்க நேர்பாதையில் எல்லோரும் சமமாக ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொருவரும் தனக்கு உள்ளே இருப்பவரைவிட நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக முன்னால் தெரிவார்கள். முதலாவதுக்கும் எட்டாவதுக்கும் இடையே 26.5 மீட்டர் இருக்கும். ஏழாவது லேன்காரர் அங்கேயே எட்டாவது லேன்காரரைத் தொட்டுவிட்டார் என்றால், உண்மையில் அவர் நான்கு மீட்டர் முந்திவிட்டார் என்று பொருள்.

இதே கணக்கை 800 மீட்டருக்கோ 4×400 தொடரோட்டத்துக்கோ பொருத்தாதீர்கள். 800 மீட்டரில் முதல் வளைவுக்குப் பிறகு எல்லோரும் உள்ளே வந்துவிடலாம், ஸ்டாகரும் ஏறக்குறைய பாதிதான். தொடரோட்டத்தில் மூன்று வளைவுகள் லேனிலேயே ஓடுவதால் எட்டாவது லேன் அணி சுமார் 80 மீட்டர் முன்னால் தொடங்கும்.

400 மீட்டரில் இரண்டாவது வளைவு முடியும் இடத்தில், முடிவுக் கோட்டுக்கு 84.39 மீட்டர் இருக்கும்போது, ஸ்டாகர் முழுவதும் தீர்ந்திருக்கும். அன்று பள்ளி மைதானத்தில் நின்றிருந்த அப்பாவை அந்த இடத்தில்தான் கொஞ்சம் உட்கார வைத்தேன். "இப்ப பாருங்க சார், இப்ப யார் முன்னால தெரியறாங்களோ அவங்கதான் முன்னால." அவர் மகன் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான்.